ஒன்பது கட்டங்களில் ஒரு தறிச் சாமான் கடை

கேள்வி: செல்லூரில் விசைத்தறி உதிரிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பிக்கர், நாடா, ரீடு, பெல்ட், பேரிங், மோட்டார் என்று 400 உருப்படி இருக்கும். எது குறைகிறதோ அதை வாங்கி வைப்பது அப்பா காலத்து வழக்கம். பி.காம். முடித்த மகன் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பண மதிப்புப்படி ஏ, பி, சி என்று பிரித்தான். ஏ பிரிவில் வந்ததை எப்போதும் நிறைய வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். மோட்டாரும் ஏ-யில் வந்ததால் பத்து மோட்டார் வாங்கிப் போட்டோம். அதில் ஏழு அப்படியே கிடக்கிறது. பிக்கர் 400 கிடக்கிறது. நாடா கேட்டு வருகிறவர்களையோ பல தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது மகன், விற்பனை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்து ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விதி வைக்கலாம் என்கிறான். எங்களைப் போன்ற கடைக்கு இது ஒத்துவருமா? 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான மாதவாரி விற்பனைப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செல்லூர், மதுரை

பதில்: ஒத்துவரும். உங்கள் மகன் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார். பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். ஏ, பி, சி என்று பிரித்ததில் பிழை இல்லை. ஏ என்றால் நிறைய வைக்க வேண்டும் என்று எடுத்த முடிவில்தான் சிக்கல். ஒரு சாமானில் வருஷத்துக்கு எவ்வளவு பணம் புரள்கிறது என்பதைத்தான் ஏ, பி, சி சொல்கிறது. அதிலிருந்து, அந்தச் சாமானை எவ்வளவு அடிக்கடி கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். எத்தனை எண்ணம் வைக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. விற்பனை எவ்வளவு ஏறி இறங்குகிறது, சொன்ன சரக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்ற இரண்டும்தான் அதற்கு விடை தரும். உண்மையில் ஏ சாமானைத்தான் குறைவாக வாங்கி, அடிக்கடி வாங்க வேண்டும். பணம் அதிகம் முடங்குவது அங்கேதான்.

இந்தப் பிரிப்பை 1951-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி ஒரு கட்டுரையில் எழுதினார். பல ஆயிரம் உருப்படிகளையும் ஒரே கவனத்தோடு பார்ப்பது வீண் வேலை, சில உருப்படிகளில்தான் பணத்தின் பெரும்பகுதி நிற்கிறது என்பது அவர் வாதம். உங்கள் பட்டியலிலும் அதுவே தெரிகிறது. வருஷம் விற்ற சரக்கின் கொள்முதல் மதிப்பு சுமார் 48 லட்சம். அதில் 80 சதவீதத்தை 48 உருப்படிகள் எடுத்துக்கொள்கின்றன. அடுத்த 15 சதவீதம் 42 உருப்படிகளில் இருக்கிறது. மீதி 310 உருப்படிகளும் சேர்ந்து 5 சதவீதம்தான். மகன் இந்தக் கணக்கை விற்பனை விலையில் போடாமல் கொள்முதல் விலையில் போட்டிருப்பது நல்லது. லாபம் அதிகமுள்ள சின்னச் சாமான்கள் விற்பனை விலையில் கணக்கிட்டால் காரணமில்லாமல் மேலே ஏறிவிடும்.

இரண்டாவது பிரிப்பு எக்ஸ், ஒய், இசட். இதில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் வணிகவியல் புத்தகங்கள் சிலவற்றில், வருஷக் கடைசியில் கையில் நிற்கும் சரக்கின் மதிப்பை வைத்துப் பிரிப்பதையும் எக்ஸ், ஒய், இசட் என்றே எழுதியிருப்பார்கள். மகன் சொல்வது அதுவல்ல. தேவையின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பிரிக்கும் முறை இது. ஜெர்மன் மொழிப் பாடநூல்களில் பரவலாக இருப்பது. கணக்கு எளிது. ஒரு சாமானின் மாத விற்பனையை ரூபாயில் எடுக்காமல் எண்ணிக்கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குச் சராசரி காணுங்கள். ஒவ்வொரு மாதமும் அந்தச் சராசரியை விட்டு எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் வருவது மாறுபாட்டுக் கெழு. பன்னிரண்டு மாதமும் C முதல் N வரையிலான பத்திகளில் இருந்தால், எக்செலில் ஒரு வரி போதும்:

```
=STDEV.S(C2:N2)/AVERAGE(C2:N2)
```

பிக்கருக்கு உங்கள் எண்கள் இவை: 110, 95, 115, 105, 100, 90, 110, 105, 120, 100, 95, 115. சராசரி 105, விலக்கம் 9.3, கெழு 0.09. தறி ஓடுகிற வரை பிக்கர் தேயும், தேய்ந்தால் மாற்றுவார்கள். அதனால்தான் இத்தனை சீராக இருக்கிறது. உங்கள் கடை அளவுக்குக் கெழு 0.5-க்குக் கீழ் என்றால் எக்ஸ், 0.5 முதல் 1 வரை ஒய், அதற்கு மேல் இசட் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய தொழிற்சாலைகளில் இதைவிட இறுக்கமான எல்லைகள் வைப்பார்கள். அதை அப்படியே எடுத்து வந்தால் உங்கள் 400 உருப்படியில் பெரும்பாலானவை இசட்டில் போய் விழும், பிரித்ததற்கே பயன் இருக்காது. வாரக் கணக்கில் போட்டாலும் இதே கதைதான். ஒரு வாரத்தில் 20, மறு வாரத்தில் 30 விற்கும் சாமான் மாதக் கணக்கில் சீராகத் தெரியும், வாரக் கணக்கில் ஆட்டமாகத் தெரியும். எல்லா உருப்படிக்கும் ஒரே கால அளவை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மாதம் சரி.

மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது கட்டம். ஆனால் ஒன்பதுக்கும் ஒரே அளவு யோசனை தேவையில்லை. உங்கள் பணம் நிற்பது ஏ வரிசையின் மூன்று கட்டங்களில். உங்கள் அலமாரி நிறைந்து கிடப்பது சி-இசட் என்ற ஒரே கட்டத்தில். இவற்றைச் சரியாகச் செய்தால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

முதலில் ஏ-எக்ஸ். பிக்கர் இந்தக் கட்டம்: ஒன்று 70 ரூபாய், வருஷம் 1,260 விற்கிறது, மதிப்பு 88,200 ரூபாய். கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வர பத்து நாள் வரை ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குறைந்தால் சொல்வது என்ற பழக்கத்தை விட்டு, வாரத்தில் ஒரு நாள், திங்கள்கிழமை என்று வைத்துக்கொள்வோம், அந்தச் சப்ளையரிடம் வாங்கும் எல்லா ஏ-எக்ஸ் சாமானுக்கும் சேர்த்து ஒரே ஆர்டர் போடுங்கள். பார்சல் கூலி பிரிந்துவிடும். இந்தத் திங்கள் சொல்லாமல் விட்டால் அடுத்த திங்கள்தான் சொல்ல முடியும், அது வந்து சேர இன்னும் பத்து நாள். ஆக உங்கள் கையில் இருப்பதும் வழியில் வருவதும் சேர்ந்து 17 நாளைத் தாங்க வேண்டும். மாதம் 105 என்றால் 17 நாளுக்குச் சுமார் 60. ஏற்ற இறக்கத்துக்காக அதன் மேல் கொஞ்சம் காப்பு இருப்பு வேண்டும். காலம் குறைந்தால் விலக்கமும் குறையும். ஆனால் அதே விகிதத்தில் குறையாது, கால விகிதத்தின் வர்க்கமூலத்தில்தான் குறையும். அதனால் 17 நாளுக்கான விலக்கம் 9.3 × √(17/30), அதாவது 7. இதை 1.65-ஆல் பெருக்கினால் 12. இருபது முறையில் பத்தொன்பது முறை சரக்கு தீராமல் காப்பதற்கான பெருக்கெண் இந்த 1.65. மொத்தம் 72.

ஆகப் பிக்கருக்கு விதி ஒரே வரிதான். திங்கள்கிழமை கையிலும் வழியிலும் இருப்பதைக் கூட்டி, 72-க்கு எத்தனை குறைகிறதோ அத்தனை சொல்லுங்கள். அப்படிச் செய்தால் கடையில் சராசரியாக இருபத்தைந்து பிக்கர் சுமாருக்கு நிற்கும். இப்போது 400 நிற்கிறது. அந்தப் பத்து நாள் உறுதியானதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பண்டிகை நேரத்தில் பார்சல் தேங்கும் என்றால் அந்த மாதத்துக்கு 72-ஐ 90 ஆக்கலாம். இப்படிச் சீரான சாமானில் தட்டுப்பாடு வந்தால், பெரும்பாலும் சப்ளையர் நாள் கடத்துவதுதான் காரணமாக இருக்கும். அதனால் சொன்ன தேதி, வந்த தேதி இரண்டையும் பில்லிலேயே குறித்து வையுங்கள்.

இனி ஏற்ற இறக்கம் உள்ள கட்டங்கள். இங்கே கெழு பெரிதாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து விதி எழுதக்கூடாது. ஏன் பெரிதாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். உங்கள் பட்டியலில் மூன்று சாமான்கள் மூன்று வெவ்வேறு காரணங்களால் ஆடுகின்றன. மூன்றுக்கும் மூன்று வழி.

மோட்டாரை எடுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை 0, 1, 0, 0, 2, 0, 3, 5, 0, 1, 0, 0. வருஷம் 12 மோட்டார், ஒன்று 7,000 ரூபாய், மொத்தம் 84,000. மதிப்பில் ஏ, கெழு 1.6, ஆகவே இசட். ஆனால் அக்டோபரிலும் நவம்பரிலும் விற்ற எட்டைப் பாருங்கள். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் நின்றது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தறி மோட்டார் தரையை ஒட்டி இருக்கும், தண்ணீர் ஏறினால் முதலில் போவது அதுதான். அந்த இரண்டு மாதத்தை எடுத்துவிட்டால் மீதி பத்து மாதத்தில் விற்றது நான்கே நான்கு. கெழு அப்போதும் 1.75, இசட் இசட்டாகவே இருக்கிறது. ஆனால் மாதச் சராசரி ஒன்றிலிருந்து 0.4-க்கு இறங்குகிறது. வருஷ மதிப்பு 33,600 ஆகிறது. உங்கள் ஏ எல்லை சுமார் 40,000 ரூபாயில் முடிவதால் மோட்டார் உண்மையில் பி-இசட். மழை அதை ஏ-க்கு ஏற்றிவிட்டது, அதை நம்பிப் பத்து வாங்கிவிட்டீர்கள்.

சரி, எத்தனை மோட்டார் வைப்பது? பிக்கருக்குப் போட்ட கணக்கை இங்கே போடக்கூடாது. மாதத்துக்கு அரை மோட்டார்கூட விற்காத இடத்தில் சராசரியும் விலக்கமும் வைத்துக் காப்பு இருப்பு கணக்கிட்டால், பொருளில்லாத எண்தான் வரும். வேறு விதமாக யோசியுங்கள். ஒன்று விற்றதும் ஒன்று சொல்லிவிடுகிறீர்கள், அது வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் இன்னொருவர் கேட்டு வருவாரா என்பதுதான் கேள்வி. மாதம் 0.4 என்றால் பத்து நாளுக்கு 0.13. இப்படி எப்போதாவது, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வரும் தேவைக்குப் பாய்சான் கணக்கு பொருந்தும். அதன்படி ஒரே ஒரு மோட்டார் வைத்திருந்தால் எட்டுப் பேரில் ஒருவருக்கு இல்லை என்று சொல்ல நேரும். இரண்டு வைத்திருந்தால் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இல்லை என்று சொல்ல வேண்டி வராது. மூன்றாவது மோட்டார் எதையும் கூட்டித் தராது. ஆகவே இரண்டு. மீதி ஐந்தில் 35,000 ரூபாய் முடங்கியிருக்கிறது. வாங்கிய டீலரிடம் பேசி, திருப்பித் தந்து வேறு சரக்காக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இப்படியே விட்டால் ஏழும் விற்றுத் தீர ஒன்றரை வருஷம் ஆகும். மீண்டும் வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்காகச் சரக்கு வாங்கி வைக்க வேண்டாம். அவசரத்துக்கு இரண்டு நாளில் ஐந்து மோட்டார் அனுப்ப முடியுமா என்று ஐப்பசிக்கு முன்பே டீலரிடம் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது ரீடு. ஒரு குறிப்பிட்ட நம்பருக்கு உங்கள் எண்கள் 4, 3, 5, 16, 20, 14, 4, 3, 4, 3, 4, 4. சராசரி 7, விலக்கம் 6, கெழு 0.86. விலை 900, வருஷ மதிப்பு 75,600. ஏ-ஒய் என்று போட்டிருக்கிறார் மகன். ஒய்-க்குப் பொதுவாகச் சொல்லும் விதி, காப்பு இருப்பைக் கூட்டிக்கொள் என்பது. இங்கே அது தவறான மருந்து. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றையும் தனியே பிரித்துப் பாருங்கள்: தீபாவளிச் சரக்குக்காகத் தறிக்காரர்கள் நெசவு மாற்றும் காலம் அது. அந்த மூன்று மாதத்துக்குள் கெழு 0.18. மற்ற ஒன்பது மாதத்துக்குள்ளும் 0.18-தான். இரண்டு தனித்தனி எக்ஸ் சாமான்களை ஒரே பையில் போட்டுக் கட்டியதால் ஒய் போலத் தெரிகிறது. காப்பு இருப்பைக் கூட்டினால் வருஷம் முழுக்க ரீடு தேங்கும், ஆடி ஆவணியில் அப்போதும் பற்றாது.

ரீடுக்கு விதி இரண்டு பகுதி. சாதாரண மாதத்தில் மாதம் நான்கு என்ற கணக்கில் பிக்கர் போலவே நடத்துங்கள். சீசனுக்கு ஐம்பது ரீடை ஜூன் தொடக்கத்திலேயே சொல்லி, மூன்று தவணையாக அனுப்பச் சொல்லுங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். செப்டம்பர் பாதியில் ஆர்டரை நிறுத்திவிடுங்கள். சீசன் முடிந்து கையில் நிற்கும் ரீடு விற்க அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டும். ஒரு வருஷக் கணக்கை வைத்து இதைச் சீசன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 2023-ன் பழைய பில் புத்தகத்தில் அதே மூன்று மாதத்தைப் பாருங்கள், அங்கேயும் ஏறியிருந்தால் நம்பலாம். இன்னொன்று, 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, 2025-ல் 20-ஆம் தேதியே வந்தது. பதினொரு நாள் முன்னால். இப்படித் தீபாவளி முந்தும் ஆண்டில் தறிக்காரர்களும் அதற்கேற்ப முந்துவார்கள், உங்கள் தவணைகளையும் முன்னால் நகர்த்துங்கள்.

மூன்றாவது நாடா. கடைக்கு மிகவும் கெடுதல் செய்வது இதுதான் என்று நினைக்கிறேன். 12, 11, 13, 12, 0, 0, 22, 12, 11, 13, 0, 14. கெழு 0.67, ஒய். வருஷம் 120, விலை 350, மதிப்பு 42,000. ஏ எல்லையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அந்த மூன்று பூஜ்யங்களும் யாரும் கேட்காததால் வந்த பூஜ்யங்களா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பல தடவை திருப்பி அனுப்பினேன் என்று. கொள்முதல் பில்லைச் சேர்த்துப் பார்த்தால் அந்த மூன்று மாதமும் உங்களிடம் நாடா இருந்ததாகத் தெரியவில்லை. அக்டோபரில் 22 விற்றது, காத்திருந்தவர்கள் சேர்த்து வாங்கியது. இந்த நான்கு மாதத்தையும் ஒதுக்கிவிட்டு மீதி எட்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் சராசரி 12-க்குச் சற்று மேல், கெழு 0.08. பிக்கரைவிடச் சீரான சாமான். கையிலும் வழியிலும் சேர்த்துப் பத்து நாடா வைத்திருந்தால் போதும், 3,500 ரூபாய். அந்தப் பணம் இல்லாமல் போகவில்லை, மோட்டாரில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பூஜ்யம் ஏன் ஆபத்து என்றால், அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். சரக்கு இல்லாததால் விற்கவில்லை. விற்காததால் கெழு ஏறி ஒய்-க்கோ இசட்டுக்கோ போகிறது. இசட் என்பதால் குறைவாக வாங்குகிறீர்கள். மறுபடியும் தீர்ந்துபோகிறது. ஒரு வருஷத்தில் நன்றாக ஓடிய சாமானை, கணக்கே கடையிலிருந்து வெளியேற்றிவிடும். விற்பனைப் பட்டியலில் விற்றது மட்டும்தான் இருக்கும், கேட்டது இருக்காது. அதனால் கல்லாப் பெட்டிக்கு அருகில் ஒரு நோட்டு வையுங்கள். இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் தேதி, சாமான், எத்தனை கேட்டார் என்ற மூன்றையும் யார் கல்லாவில் இருந்தாலும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் மகன் அதை விற்பனையோடு கூட்டிக்கொள்ளட்டும். ஒரே ஆள் இரண்டு தரம் வந்து கேட்டால் ஒரு தரம் மட்டும் எழுதுங்கள். ஒன்பது கட்டம் போடுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

ஆகவே ஏ வரிசையில் கெழு 0.5-க்கு மேல் வரும் ஒவ்வொரு உருப்படிக்கும் மகன் மூன்று கேள்வி கேட்கட்டும். ஏதாவது ஒரு நிகழ்வால் ஒரே மாதத்தில் குவிந்ததா? வருஷம்தோறும் அதே மாதத்தில் ஏறுகிறதா? பூஜ்ய மாதங்களில் கையில் சரக்கு இருந்ததா? மூன்றுக்கும் பதில் தேடிய பிறகும் ஆட்டம் மிஞ்சினால்தான் அது உண்மையான ஒய் அல்லது இசட். உங்கள் ஏ வரிசையில் இப்படிச் சரிபார்க்க வேண்டியவை 22. இரண்டு சாயங்காலத்தில் முடிந்துவிடும். உண்மையான ஏ-ஒய் என்று தேறியவற்றுக்கு மட்டும் காப்பு இருப்பைக் கூட்டி வையுங்கள். உண்மையான ஏ-இசட்டுக்கு மோட்டாருக்குப் போட்ட கணக்கைப் போடுங்கள், அல்லது முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுங்கள்.

பி வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ-க்குச் சொன்ன அதே விதிகள்தான், வாரத்துக்குப் பதில் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். பார்க்கும் இடைவெளி கூடுவதால் தாங்க வேண்டிய நாளும் 17-லிருந்து 40 ஆகும், கணக்கில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

சி வரிசையில் தர்க்கம் தலைகீழ். போல்ட், வாஷர், காட்டர் பின் போன்ற சி-எக்ஸ் சாமான்களை எண்ணிப் பார்க்கும் நேரத்தின் மதிப்பு சாமானின் மதிப்பைவிட அதிகம். இங்கே நிறைய வாங்குங்கள், ஆறு மாதத்துக்குக்கூட. ஒவ்வொன்றுக்கும் இரண்டு டப்பா வைத்து, முதல் டப்பா காலியானதும் ஆர்டர் போடுங்கள், அதுவரை இரண்டாவதிலிருந்து எடுங்கள். கம்ப்யூட்டரில் கணக்கே வேண்டாம். சி-ஒய்-க்கும் இதே டப்பா முறைதான், இரண்டாவது டப்பா மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

கடைசிக் கட்டம் சி-இசட். உங்களிடம் இதில் மட்டும் 160 உருப்படி. வருஷத்தில் ஒன்று, இரண்டு விற்பவை, ஒன்றுமே விற்காதவை. புத்தகத்தில் இவற்றை ஒழித்துவிடு என்று எழுதியிருக்கும். உதிரிச் சாமான் கடைக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது. ஒன்பது கட்டம் மதிப்பையும் ஏற்ற இறக்கத்தையும் மட்டும்தான் பார்க்கிறது. சாமான் இல்லாவிட்டால் தறிக்காரருக்கு என்ன ஆகும் என்பதை அது பார்ப்பதில்லை. நாற்பது ரூபாய்ச் சாமான் ஒன்று இல்லாமல் தறி நின்றால் அன்றைய கூலி போய்விடும், அந்தத் தறிக்காரர் அடுத்த முறை எல்லாச் சாமானுக்கும் வேறு கடைக்குப் போவார்.

மருத்துவமனைகளில் இதற்கு மூன்றாவது பிரிப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். உயிர்காக்கும் மருந்து, அவசியமான மருந்து, இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய மருந்து என்று. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் மருந்தகத்தில் 421 மருந்துகளை இப்படிப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வந்தது. செலவில் 70 சதவீதத்தை எடுத்துக்கொண்டவை உருப்படிகளில் 14 சதவீதம்தான். ஆனால் விலை மலிவு என்று உயிர்காக்கும் மருந்தைச் சி வரிசைக் கவனத்தில் விட முடியாது. அதனால் அவற்றை விலை உயர்ந்த மருந்துகளோடு முதல் தொகுதியிலேயே சேர்த்துவிட்டார்கள். உங்கள் 160-க்கும் அதையே செய்யுங்கள். இது இல்லாவிட்டால் தறி நிற்குமா, இரண்டு நாளில் வேறெங்கிருந்தாவது கிடைக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். தறி நிற்கும், எளிதில் கிடைக்காது என்றால் ஒன்று எப்போதும் இருக்கட்டும், விற்றதும் ஒன்று வாங்குங்கள். மற்றவற்றை மறுபடி வாங்க வேண்டாம். இருப்பது தீரட்டும், யாராவது கேட்டால் வரவழைத்துத் தரலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் மகனிடமோ கம்ப்யூட்டரிலோ இருக்காது. உங்களிடமும், உங்கள் கடைக்கு வரும் தறி மெக்கானிக்குகளிடமும்தான் இருக்கிறது.

புதிதாக வந்த சாமானை ஆறு மாதம் வரை எந்தக் கட்டத்திலும் போடாமல் தனிப் பட்டியலில் வைத்து, கண்ணால் பார்த்து வாங்குங்கள். நான்கு மாத எண்ணை வைத்துக் கெழு போட்டால் அது எதையும் சொல்லாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கடைசிப் பன்னிரண்டு மாத எண்களை வைத்துக் கட்டங்களை மறுபடி போடுங்கள். எல்லை ஓரத்தில் இருப்பவை ஒரு முறை இங்கும் மறு முறை அங்கும் தாவும். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே புதிய கட்டத்தில் வந்தால் மட்டும் விதியை மாற்றுங்கள்.

பிக்கர் 400 இருப்பதால் அதற்கு மூன்று மாதம் ஆர்டரே வேண்டாம், கையிருப்பு 72-க்கு இறங்கும் திங்கள்கிழமையிலிருந்து விதி தொடங்கட்டும். அதுவரை அந்தச் சப்ளையருக்குப் போகும் பணத்தில் நாடாவையும், ஜூன் ரீடின் முதல் தவணையையும் எடுத்துவிடலாம்.